தெருவுல எடுத்த வீடியோவை யார்கிட்ட கேட்டுப் போடணும்?

தெரு விளையாட்டுகளைப் பதிவு செய்கிறேன் என்று ஊர் ஊராகச் சுற்றுவது இங்கே தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். போன வருஷம் போட்ட கிட்டிப்புள் வீடியோ ஒன்று இப்போ இங்கே இல்லை. எங்கே போச்சு என்று சிலர் கேட்டிருந்தார்கள். அதற்குப் பதிலாகத்தான் இந்தக் குறிப்பு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வீடியோ மொத்தம் 3 நிமிஷம் 40 விநாடி. தென்மாவட்டத்தில் ஒரு கிராமம், கோயில் திடல், சாயங்காலம். ஆறு பையன்கள், இரண்டு பெண் பிள்ளைகள். கிட்டிப்புள், கில்லி, சில்லாங்குச்சி என்று ஊருக்கு ஒரு பேர் இருக்கிற விளையாட்டு. புள் விழுந்த இடத்திலிருந்து குழி வரைக்கும் கோலால் அளந்துகொண்டே வரும்போது பிள்ளைகள் சொல்கிற எண்ணுச் சொற்கள்தான் எனக்கு வேண்டியிருந்தது. ஒவ்வொரு ஊரிலும் அது மாறும்.

"வீடியோ எடுக்கலாமா?" என்று பிள்ளைகளிடம் கேட்டேன். "எடுங்க மாமா, எடுங்க" என்று குதித்தார்கள். அந்தப் பக்கமாக வந்த பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரிடமும் கேட்டேன், சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அனுமதி வாங்கியாச்சு என்று நினைத்துக்கொண்டேன். ஊர் பேரைத் தலைப்பில் போட்டு, வீடியோவை என் தளத்திலேயே ஏற்றிவிட்டேன்.

பதினோரு நாள் கழித்து ஒரு பெண் போன் செய்தார். "சார், அந்த வீடியோவுல என் பையன் இருக்கான். தயவுசெஞ்சு எடுத்துடுங்க சார். நாங்க இந்த ஊர்ல இருக்கிறது அவங்க அப்பாவுக்குத் தெரியாது." கோர்ட்டில் கேஸ் நடக்கிறது. அடிதடிக்குப் பயந்து, தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் வந்து தங்கியிருக்கிறார். பையனை அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறார்.

பத்து நிமிஷத்தில் வீடியோவை எடுத்துவிட்டேன். பதினோரு நாள் அது வெளியில் இருந்ததை எடுக்க முடியாது. (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

"பொது இடம்தானே" என்கிற வாதம்

நண்பர்களிடம் சொன்னபோது முதலில் வந்த பதில் இதுதான். பொது இடத்தில் நடந்தது, யார் வேணும்னாலும் பார்த்திருக்கலாம், உன் மேல் என்ன தப்பு? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பொது இடத்தில் கேமராவைத் தூக்கக் கூடாது என்று நம் நாட்டில் பொதுவான சட்டம் எதுவும் இல்லை. ஆனால் "எடுக்கலாம்" என்பதிலிருந்து "போடலாம்" என்பதற்கு நாம் தாவிவிடுகிறோம். சிக்கல் அந்தத் தாவலில்தான் இருக்கிறது.

அதே வீடியோவில் இன்னொரு ஆள். திடலுக்கு எதிரே ஓர் அடகுக் கடை. அதிலிருந்து ஓர் அம்மா வெளியே வந்து, பையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நடக்கிறார். நாலு விநாடிதான். அந்தத் தெருவில் அந்த நேரத்தில் இருந்த பத்துப் பேர் அவரைப் பார்த்திருக்கலாம். அந்தப் பத்துப் பேரையும் அவர் பார்த்திருப்பார். யார் பார்க்கிறார்கள் என்று தெரிந்துதான் கடைக்குள் போயிருப்பார். என் வீடியோ வந்த பிறகு, அவருடைய சம்பந்தி வீட்டார் அடுத்த வருஷம் பார்க்கலாம், நிறுத்திப் பார்க்கலாம், இன்னொருத்தருக்கு அனுப்பலாம். தெருவில் போன ஆள் ஒத்துக்கொண்டது தெருவுக்கு மட்டும்தான்.

உச்ச நீதிமன்றம் இதைக் கிட்டத்தட்ட இப்படித்தான் பார்க்கிறது. 2017 ஆகஸ்டில் வந்த புட்டசாமி வழக்கின் தீர்ப்பில், ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றார்கள். அது இடத்தோடு ஒட்டியதல்ல, ஆளோடு ஒட்டியது என்பதும், பொது இடத்தில் இருக்கிறார் என்பதாலேயே ஒருவர் அதை முழுக்க இழந்துவிடுவதில்லை என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு.

குழந்தைகள் விஷயத்தில் 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. 18 வயது நிரம்பாத எல்லோரும் அதன்படி குழந்தைகள். அவர்களுடைய தரவைக் கையாள, பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய ஒப்புதல் வேண்டும். வாத்தியார் தலையாட்டியது இந்தக் கணக்கில் வராது. 2025 நவம்பரில் இதற்கான விதிகள் வந்தன. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்.

தனிமனிதர் தன் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகச் செய்வதற்கு இந்தச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. நான் என்ன கம்பெனியா, பொழுதுபோக்காக எழுதுகிறவன், எனக்கு இது பொருந்துமா? இந்தக் கேள்விக்கு ஐரோப்பாவில் ஒரு பழைய வழக்கு சுவாரசியமானது. ஸ்வீடனில் தேவாலயத் தொண்டு செய்த ஒரு பெண், 1998 வாக்கில் வீட்டுக் கம்ப்யூட்டரில் சொந்தமாக ஓர் இணையப் பக்கம் செய்தார். கூட வேலை செய்தவர்களைப் பற்றி எழுதியதில், ஒருவர் காலில் அடிபட்டு அரை நாள் வேலைக்கு வருகிறார் என்பதும் இருந்தது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. எண்ணற்ற பேர் பார்க்கும்படி இணையத்தில் போட்டுவிட்டால் அது வீட்டு விவகாரம் ஆகாது என்று 2003-இல் தீர்ப்பு வந்தது. நம் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. ஆனால் "சும்மா என் பிளாக்தானே" என்று சொல்லிக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க முடியாது என்று எனக்குப் புரிந்தது.

இரண்டு வகைப் பார்வையாளர்கள்

வீடியோவைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது, நான் யாருக்குப் பயப்பட வேண்டும் என்கிற கேள்விக்கே சரியான பதில் என்னிடம் இல்லை. யோசித்துப் பார்த்தால் இரண்டு வகைப் பேர். அந்தக் குழந்தையைத் தெரியாதவர்கள், தெரிந்தவர்கள்.

தெரியாதவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு 2019-இல் யூடியூபில் நடந்தது உதாரணம். குழந்தைகள் விளையாடுகிற, உடற்பயிற்சி செய்கிற சாதாரண வீட்டு வீடியோக்களின் கீழே, குறிப்பிட்ட விநாடியைச் சுட்டிக்காட்டி வக்கிரமான ஆட்கள் கருத்து எழுதிக்கொண்டிருந்தது அந்த பிப்ரவரியில் வெளியே வந்தது. சிறுவர்கள் வரும் வீடியோக்களில் கருத்துப் பகுதியையே யூடியூப் மூடத் தொடங்கியது. அந்த ஜூனில் நியூயார்க் டைம்ஸ் இன்னொன்றை எழுதியது. பிரேசிலில் ஒரு பத்து வயதுச் சிறுமியும் தோழியும் வீட்டுக் குளத்தில் விளையாடுகிற வீடியோ, சீக்கிரமே நாலு லட்சம் பார்வையைத் தொட்டிருந்தது. யாரும் தேடிப் போகவில்லை. இந்த மாதிரி வீடியோ பார்க்கிறவர்களுக்கு அடுத்தடுத்து இதே மாதிரி கோத்துக் கொடுத்தது பரிந்துரை நிரல்தான்.

மென்பொருள் எழுதுகிறவனாக எனக்கு இதில் உறைத்தது ஒன்று. அந்த வீடியோவில் தப்பாக எதுவும் இல்லை. அது எந்தப் பட்டியலில் போய் உட்கார்ந்தது என்பதில்தான் தப்பு. பட்டியலை ஏற்றியவர் போடுவதில்லை. அதனால் "என் வீடியோவில் ஆபாசம் இல்லையே" என்பது பாதுகாப்பு ஆகாது.

இந்த வகை ஆட்களிடமிருந்து முகத்தை மறைப்பது ஓரளவு காப்பாற்றும். ஆனால் அந்த அம்மா பயந்தது தெரியாதவருக்கு இல்லை, பையனுடைய அப்பாவுக்கு. பெற்ற தகப்பனுக்கு முகம் எதற்கு? நடை போதும். குரல் போதும். இரண்டாவது வகைக்கு மங்கலாக்கல் கிட்டத்தட்ட உதவவே உதவாது.

ஒவ்வொரு ஃப்ரேமாகப் பார்த்தபோது

ஒரு நோட்டை எடுத்து, வீடியோவில் எங்கெல்லாம் யார், எந்த ஊர், எந்த நேரம் என்று கண்டுபிடிக்க முடியும் என்று எழுதினேன். முகங்களை விட்டுவிட்டுப் பார்த்தாலே இவ்வளவு கிடைத்தது.

தலைப்பில் ஊர் பேர், நானே போட்டது. 52-ஆவது விநாடியில் இன்னொரு பையன் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான். ஒரு பெண் பிள்ளையின் சட்டையில் பள்ளிக்கூட பேட்ஜ். 1:41-இல் பின்னால் ஒரு டவுன் பஸ், பலகையில் ஊர் பேர். அடகுக் கடை போர்டில் கடைக்காரரின் போன் நம்பர். அப்புறம், வீடியோ கோப்புக்கு உள்ளேயே இது:

```
ffprobe -v error -show_entries format_tags clip.mp4

TAG:creation_time=...
TAG:location=+09.xxxx+077.xxxx/
```

போன் கேமராவில் இருப்பிடம் பதியும் வசதி திறந்திருந்தால், எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இப்படிக் கோப்பிலேயே உட்கார்ந்திருக்கும். மேலே `xxxx` என்று நான் மறைத்திருக்கிற நாலு தசம இடம் என்பது சுமார் 11 மீட்டர் துல்லியம். பெரிய தளங்கள் வீடியோவைத் திரும்பச் சுருக்கி வெளியிடும்போது இது பெரும்பாலும் போய்விடும். நான் கோப்பை அப்படியே என் தளத்தில் வைத்ததால், இறக்கிக்கொண்ட யாருக்கும் திடலின் இடம் கையில் கிடைத்திருக்கும். நீக்குவதற்கு ஒரு வரி போதும்:

```
ffmpeg -i clip.mp4 -map_metadata -1 -c copy clean.mp4
```

செய்த பிறகு புதிய கோப்பில் மறுபடி `ffprobe` ஓட்டி, `location` வரவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது முகம். முதலில் மங்கலாக்கும் வசதியைத்தான் போட்டேன். இரண்டு இடத்தில் சறுக்கியது. பையன் ஒரு முறை முதுகைக் காட்டித் திரும்பியபோது மங்கல் கழன்றுவிட்டது. மறுபடி முகம் தெரிந்த முதல் ஏழெட்டு ஃப்ரேமுக்கு அது வந்து ஒட்டவில்லை. ஓடவிட்டுப் பார்த்தால் கண்ணில் படாது, நிறுத்திப் பார்த்தால் முகம் பளிச்சென்று இருக்கும். இரண்டாவது, வீடியோவை மாற்றிவிட்டேனே தவிர, முகப்புப் படமாக வைத்திருந்த பழைய ஃப்ரேமை மாற்றவில்லை. அதில் நாலு முகம் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தது.

மங்கலே போதுமா என்பதிலும் சந்தேகம் உண்டு. கட்டம் கட்டமாக்கியோ மங்கலாக்கியோ மறைத்த முகங்களில், இருக்கிற சில பேரில் இது யார் என்று நிரல்களால் கணிசமான அளவு சரியாகச் சொல்ல முடியும் என்று 2016-லேயே மக்ஃபர்சன், ஷோக்ரி, ஷ்மாட்டிகோவ் என்ற மூன்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். மங்கலில் கொஞ்சம் தகவல் மிச்சம் இருக்கிறது. முழுக் கருப்புக் கட்டத்தில் மிச்சம் எதுவும் இல்லை. அதனால் மறைத்தே ஆக வேண்டிய இடத்தில் இப்போ இப்படி:

```
ffmpeg -i clean.mp4 -vf "drawbox=x=610:y=180:w=140:h=170:color=black:t=fill:enable='between(t,41,47)'" -c:a copy out.mp4
```

41-ஆவது விநாடியிலிருந்து 47 வரைக்கும், சொன்ன இடத்தில் கருப்புக் கட்டம். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். ஆள் நகர்ந்தால் கட்டத்தைப் பெரிதாக்க வேண்டும், இல்லையென்றால் துண்டு துண்டாகப் போட வேண்டும்.

இவ்வளவும் செய்துவிட்டு அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் மட்டும் காட்டினேன். இதில் யார் யார் தெரிகிறார்கள் என்று கேட்டேன். எட்டில் ஆறு பேரை வரிசையாகச் சொன்னார். "இவன் இப்படித்தான் ஒரு தோளைத் தூக்கிக்கிட்டு ஓடுவான்" என்று ஒருவனை. மறைத்தது சரியா என்று சோதிக்க இதைவிட நல்ல வழி இல்லை. சம்பந்தமில்லாதவரிடம் காட்டினால் எல்லாம் மறைந்துவிட்டதாகத்தான் தோன்றும்.

எனக்கு உண்மையில் என்ன வேணும்?

அப்போதுதான் கேள்வியை மாற்றிப் போட்டேன். எதையெல்லாம் மறைக்கணும் என்று கேட்டுக்கொண்டே போனால் முடிவே இல்லை. எனக்கு எது வேணும் என்று கேட்டால் பதில் சின்னது. கோலைப் பிடிக்கிற கை, புள்ளை நெம்புகிற விதம், அளக்கிற முறை, எண்ணுச் சொற்கள். இதில் எதற்கும் முகம் வேண்டாம், ஊர் வேண்டாம், அடகுக் கடை நிச்சயமாக வேண்டாம்.

எண்ணுச் சொற்கள் அந்தப் பையன் குரலில்தான் தெளிவாக இருந்தன. அதை விட்டுவிட்டேன். அதே ஊரில் எழுபது வயசுத் தாத்தா ஒருவர், சின்ன வயசில் ஆடியதை நினைவுபடுத்தி அதே சொற்களைச் சொன்னார். என்ன செய்யப் போகிறேன் என்று விளக்கி, அவர் சம்மதத்தோடு பதிவு செய்தேன். படத்தில் கீழ்ப்பாதியை மட்டும் வெட்டி எடுத்தேன். அந்தப் பையன் வருகிற பகுதிகளை மொத்தமாக நீக்கினேன். 3:40 போய் 38 விநாடி மிஞ்சியது. ஆராய்ச்சிக் குறிப்பு என்கிற முறையில் அந்த 38 விநாடியில் எதுவும் குறையவில்லை. பழைய வீடியோவில் மிச்சம் எல்லாம் என் ஆசைக்காக இருந்தது.

இப்போ எப்படிக் கேட்கிறேன்

எடுக்கக் கேட்பதும் போடக் கேட்பதும் இரண்டு தனித்தனிக் கேள்விகள். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டால், பதில் முதல் கேள்விக்குத்தான் வரும்.

எடுக்கும்போது பிள்ளைகளிடம் கேட்கிறேன். எல்லோரும் "சரி" என்று கத்தும்போது ஒரு பிள்ளை மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டால், கையை வைத்து மறைத்தால், அது "வேண்டாம்" என்று அர்த்தம். கூட்டத்தோடு சேர்த்து அதை எண்ணிவிடக் கூடாது.

போடுவதற்கு அம்மாவையோ அப்பாவையோ வீட்டில் போய்ப் பார்க்கிறேன். வெட்டி முடித்த வீடியோவைப் போனில் காட்டிவிட்டு நாலு விஷயம் சொல்கிறேன். இது எங்கே வரும். யார் வேணும்னாலும் பார்க்கலாம், இறக்கிக்கொள்ளலாம். பேரும் ஊரும் வராது. எப்போ வேண்டாம் என்று தோன்றினாலும் ஒரு போன் செய்தால் எடுத்துவிடுவேன், ஆனால் அதற்குள் வேறு யாராவது இறக்கி வைத்திருந்தால் அது என் கையில் இல்லை. கடைசி வரியைச் சொல்லாமல் விட்டால் அது ஏமாற்று. ஒப்புதல் கொடுத்தது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்று 2023 சட்டமும் சொல்கிறது. அதனால் வீடியோவின் கீழே என் நம்பர் இருக்கும்.

சொல்லிவிட்டு இரண்டு நாள் காத்திருக்கிறேன். வீடு தேடி வந்த ஆளிடம் முகத்துக்கு நேராக மாட்டேன் என்று சொல்ல நம் ஊரில் எத்தனை பேருக்கு வரும்? "அதுக்கென்ன சார், போட்டுக்கங்க" என்று சட்டென்று வருவதை நான் ஒப்புதலாக எடுப்பதில்லை. "இதைப் போட்டா உங்களுக்கு என்ன சார் கிடைக்கும்?" என்று கேட்கிறவர்கள்தான் உண்மையில் யோசிக்கிறவர்கள்.

பின்னணியில் வருகிற பெரியவர்களுக்கு ஒரு சின்னச் சோதனை. அந்த இடத்தில் வேறு ஒருவர் நின்றிருந்தாலும் வீடியோ அதேதானா? ஆமாம் என்றால் அவர் கூட்டத்தில் ஒருவர், பெரும்பாலும் விடலாம். பார்க்கிறவரின் கண் அவரிடம் போய் நிற்குமானால், கேட்க வேண்டும் அல்லது நீக்க வேண்டும். அடகுக் கடை அம்மாவிடம் கண் நிற்கும்.

ஒன்றில் மட்டும் கேட்கிற பேச்சே இல்லை. பிச்சை எடுக்கிற குழந்தை, வேலைக்கு வைக்கப்பட்ட குழந்தை, குற்றத்தில் பாதிக்கப்பட்ட குழந்தை என்று "விழிப்புணர்வுக்காக" எடுத்துப் போடுகிறார்கள். இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74-இன்படி, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுகிற குழந்தையின் பேர், விலாசம், பள்ளிக்கூடம் என்று அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடக் கூடாது. ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நல்ல எண்ணத்தில் போட்டேன் என்பது அந்தப் பிரிவில் விதிவிலக்காக இல்லை. அந்த மாதிரி குழந்தையைப் பார்த்தால் 1098-க்கு போன் செய்யலாம், கேமரா வேண்டாம்.

கடைசியாக, 38 விநாடி வீடியோவை வெளியிடுவதற்கு முன்னால் அந்த அம்மாவுக்கு அனுப்பினேன். அவர் பையன்தான் அதில் இல்லையே, ஒரு மரியாதைக்குத்தான் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் போன் வந்தது. "சார், 20-ஆவது செகண்டுல மரத்தடியில ஒரு ஜோடி செருப்பு கிடக்குது பாருங்க. நீல வாரு, ஒண்ணுல மட்டும் ஊக்கு குத்தியிருக்கும். அது அவனோடது. ஊக்கு குத்திக் கொடுத்தது அவங்க அப்பாதான்."

அந்த ஏழு விநாடியையும் வெட்டினேன். இப்போ இங்கே இருப்பது 31 விநாடி.